இரண்டு வார விடுப்பு, ஆயிரம் மெயில்: இன்னும் பதிலுக்குக் காத்திருப்பவற்றை மட்டும் எடுப்பது எப்படி

விடுப்பு முடிந்து வந்ததும் பெரும்பாலோர் மெயிலை இரண்டு விதமாகத் தொடங்குகிறார்கள். சிலர் மேலிருந்து, அதாவது புதியதிலிருந்து கீழே போகிறார்கள். சிலர் விடுப்பின் முதல் நாளிலிருந்து வரிசையாக மேலே வருகிறார்கள். இரண்டிலும் ஒரே சிக்கல்தான். ஒவ்வொரு மெயிலையும் தனித்தனியாகப் படிக்கிறோம். ஏப்ரல் 29 அன்று வந்த கேள்விக்கு 30ஆம் தேதியே வேறொருவர் பதில் சொல்லியிருப்பார். அது தெரியாமல் நாம் உட்கார்ந்து பதில் எழுதுவோம், எதிர்முனையில் இருப்பவர் குழம்புவார். அதே நேரத்தில், உண்மையிலேயே நமக்காகக் காத்திருக்கும் மெயில் 640வது இடத்தில் கிடக்கும்.

தேடவேண்டியது படிக்காத மெயிலை அல்ல. இன்னும் திறந்திருக்கும் விஷயத்தை. ஆயிரம் மெயிலில் அப்படிப்பட்டவை மிகச் சிலவே இருக்கும். மற்றவற்றைத் தள்ளும் வேலையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு என் தங்கையின் மெயில் பெட்டியையே எடுத்துக்கொள்கிறேன். வேலூரில் வீடு, ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது பையர்களின் ஆர்டரைத் தொடக்கம் முதல் கடைசி வரை கவனிக்கும் வேலை. ஜெர்மனி, இத்தாலி பையர்கள், ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு தோல் சப்ளையர்கள், சோதனைக் கூடம், சரக்கைக் கப்பலில் அனுப்பித்தரும் சென்னை ஃபார்வர்டர், உள்ளே அக்கவுண்ட்ஸ், புரொடக்‌ஷன் என்று நாலா பக்கமும் மெயில் வரும். 2025 ஏப்ரல் 28 திங்கள் முதல் மே 11 ஞாயிறு வரை விடுப்பு. கத்திரி வெயிலில் குழந்தைகளோடு ஊட்டிக்குப் போய்விட்டு மே 12 காலை திரும்பினாள். ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே படிக்காத மெயில். கம்பெனி ஜிமெயில் பயன்படுத்துவதால் கீழே வருவதெல்லாம் ஜிமெயில் தேடல் கட்டளைகள். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் செய்யுங்கள், போனில் இதற்கு வசதி போதாது.

மெயிலைத் திறப்பதற்கு முன்

விடுப்புத் தானியங்கிப் பதிலை உடனே அணைக்க வேண்டாம். முடிவுத் தேதியை ஒரு நாள் தள்ளி வைத்து, "இன்று திரும்பிவிட்டேன், பழைய மெயில்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவசரமானால் போன் செய்யுங்கள்" என்று வாசகத்தை மட்டும் மாற்றுங்கள். பிரிக்கும் நேரத்தில் புதிதாக வருபவர்கள் உடனடிப் பதிலை எதிர்பார்க்க மாட்டார்கள்.

அடுத்து, நமக்குப் பதிலாக வேலை பார்த்தவரிடம் பத்து நிமிடம் பேச வேண்டும். இதை மெயிலில் செய்யாதீர்கள், நேரிலோ போனிலோ செய்யுங்கள். "என்ன நடந்தது?" என்று கேட்டால் முழுக் கதை வரும், நேரம் போய்விடும். கேட்கவேண்டியது மூன்றே கேள்வி. எதையெல்லாம் நீங்கள் முடித்துவிட்டீர்கள்? எதையெல்லாம் "அவர் வந்ததும் சொல்வார்" என்று நிறுத்தி வைத்தீர்கள்? யாராவது போனில் கோபப்பட்டார்களா? என் தங்கை கேட்டபோது அவளுடைய இடத்தில் வேலை பார்த்த பையன், "அக்கா, லேப் ரிப்போர்ட் எல்லாம் நான் பார்த்துட்டேன். இத்தாலிக்காரர் சோல் கலர் கேட்டார், நீங்க வந்து சொல்வீங்கன்னு எழுதிட்டேன்" என்றான். இந்த ஒரே பதிலில் சோதனைக் கூடத்து மெயில் முழுவதும் அடைபட்டது, ஒரு திறந்த விஷயமும் கைக்கு வந்தது. இரண்டாவது கேள்விதான் முக்கியம். அந்த விஷயங்களை இனி யாரும் நினைவூட்ட மாட்டார்கள். நாம் திரும்பும் தேதி அவர்களுக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது.

படி 1: விடுப்பு மெயில் முழுவதையும் ஒரு லேபிளுக்குள் அடைப்பது

படிக்காதவை என்ற அடையாளத்தை நம்பிப் பிரிக்கக் கூடாது. விடுப்பில் இருந்தபோது போனில் எட்டிப் பார்த்த மெயில்கள் எல்லாம் படித்தவை ஆகிவிட்டன. பெரும்பாலும் அவைதான் முக்கியமானவை. பையர் பெயரைப் பார்த்துத்தான் திறந்திருப்போம், "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று மூடியிருப்போம். படிக்காதவற்றை மட்டும் தேடினால் இவை கண்ணில் படாது.

அதனால் தேதியை வைத்துத் தேடுங்கள்:

```
after:2025/4/25 before:2025/5/13 -from:me
```

விடுப்பு தொடங்குவதற்கு முந்தைய வேலை நாள் மாலையில் வந்ததையும் சேர்க்கத்தான் 25ஆம் தேதியிலிருந்து. கிளம்பும் அவசரத்தில் அந்த மாலை மெயில்களை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. `in:inbox` என்று போடாததற்கும் காரணம் உண்டு. ஃபில்டர் போட்டு வேறு லேபிளுக்கு நேராகப் போகும் மெயில்களும் இதில் வந்துவிடும்.

மேலே உள்ள கட்டத்தை டிக் செய்தால் அந்தப் பக்கத்தில் இருப்பவை மட்டும் தேர்வாகும். உடனே பட்டியலுக்கு மேலே "Select all conversations that match this search" என்று ஒரு வரி தோன்றும். அதை அழுத்தினால்தான் மொத்தமும் தேர்வாகும். பலர் இந்த வரியைக் கவனிக்காமல் முதல் 50க்கு மட்டும் லேபிள் போட்டுவிட்டு மீதி எங்கே என்று தேடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் `leave25` என்று ஒரு லேபிள் போடுங்கள். இனி எண்ணிக்கை கூடாது. புதிய மெயில் தனியாக வரும், பழையது தனியாக இருக்கும்.

ஸ்பேம் இதில் சேராது. அதைத் தனியாக ஒருமுறை பாருங்கள்:

```
in:spam after:2025/4/25
```

ஸ்பேமில் உள்ளவை 30 நாளில் தானாக அழிந்துவிடும். முதல்முறை எழுதும் புதிய பையரும் புதிய ஃபார்வர்டர் ஆளும் அங்கேதான் போய் விழுகிறார்கள். அனுப்பியவர் பெயரையும் தலைப்பையும் மட்டும் கண்ணால் ஓட்டினால் போதும்.

படி 2: இயந்திரம் அனுப்பியதைத் தள்ளுவது

```
label:leave25 (from:noreply OR from:no-reply OR from:donotreply)
label:leave25 unsubscribe
label:leave25 filename:ics
```

மூன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள். முதலாவதில் போர்ட்டல், வங்கி, கூரியர் அறிவிப்புகள் வரும். இரண்டாவதில் விளம்பரமும் செய்திமடலும் வரும். மூன்றாவது கூட்ட அழைப்புகள். நடந்து முடிந்த கூட்டங்களை அப்படியே தள்ளலாம், வரப்போகும் கூட்டங்களுக்கு மட்டும் வருகிறேன், வரவில்லை என்று அழுத்துங்கள்.

அனுப்புநர் வரிசையை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, எல்லாவற்றிலிருந்தும் `leave25` லேபிளை எடுத்துவிட்டு ஆர்க்கைவ் செய்யுங்கள். அழிக்க வேண்டாம். இயந்திர மெயிலுக்குப் பதில் எழுத முடியாதே தவிர, அதில் செய்யவேண்டிய வேலை இருக்கலாம். பையரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் எல்.சி. கடிதத்தில் திருத்தம் வந்ததாக நம் வங்கியிலிருந்து ஒரு அறிவிப்பு, கூரியர் சாம்பிளை நிறுத்தி வைத்திருப்பதாக ஒரு அறிவிப்பு, யாரோ கூகுள் ஷீட்டைப் பார்க்க அனுமதி கேட்ட அறிவிப்பு இவையெல்லாம் இந்தக் கும்பலில்தான் இருக்கும். இந்த மூன்று வகையைக் கண்டால் லேபிளை எடுக்காமல் நட்சத்திரம் போட்டு விட்டு வையுங்கள்.

இரண்டாவது தேடலில் ஒரு எச்சரிக்கை. முதலாளி ஏதாவது செய்திமடலை ஃபார்வர்ட் செய்து மேலே ஒரு வரி எழுதியிருந்தால் அதுவும் இதில் மாட்டும். நம் அலுவலகத்து ஆள் பெயர் எதுவும் தெரிந்தால் அதை மட்டும் டிக் நீக்கிவிடுங்கள்.

படி 3: தேதியை விட்டுவிட்டு ஆளைப் பிடிப்பது

இப்போது மிச்சம் இருப்பவை மனிதர்கள் எழுதியவை. இங்கே தேதி வரிசை உதவாது. யாருடைய மெயிலை விட்டால் அடுத்த வாரம் பிரச்சினையாகும் என்று ஒரு தாளில் பெயர் எழுதுங்கள். பத்துப் பேருக்கு மேல் வராது. பையர்கள், அவர்களுடைய இன்ஸ்பெக்‌ஷன் ஏஜென்ட், ஃபார்வர்டர், வங்கியில் நம் கணக்கைப் பார்ப்பவர், நம் மேலதிகாரி. ஒவ்வொருவரையும் அவர்களுடைய கம்பெனி டொமைனை வைத்துத் தேடுங்கள். அப்போது அந்தக் கம்பெனியிலிருந்து வேறொருவர் எழுதியிருந்தாலும் வரும்:

```
label:leave25 from:buyerdomain.de
```

ஒரு ஆளுடைய எல்லா மெயிலும் ஒரே திரையில் வந்துவிடும். மேலே இருப்பது, அதாவது கடைசியாக வந்தது, அதை முதலில் படியுங்கள். ஒரு உரையாடலைத் திறந்தாலும் கடைசி மெயிலில் தொடங்குங்கள். அங்கே மூன்றைப் பார்க்க வேண்டும். கடைசியாகப் பேசியது யார்? யாரைப் பார்த்துப் பேசினார்? அவர் கேட்டதற்கு இன்னும் நாள் இருக்கிறதா? கடைசியாகப் பேசியது நம் கம்பெனி ஆள் என்றால், "திரும்பி வந்ததும்" என்று வாக்கு கொடுக்காத வரையில் அது மூடியது. கடைசியாகப் பேசியது வெளியாள், ஆனால் "நன்றி, பெற்றுக்கொண்டோம்" என்றால் அதுவும் மூடியது. வெளியாள் கேட்ட கேள்வியோடு நின்றிருந்தால் அது திறந்தது. அதற்கு நட்சத்திரம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இப்போதே பதில் எழுதக் கூடாது.

ஏன் எழுதக் கூடாது என்றால், ஒரே விஷயம் ஒரே உரையாடலில் இருக்கும் என்று நிச்சயம் கிடையாது. தலைப்பை மாற்றினால் ஜிமெயில் அதைப் புது உரையாடலாகப் பிரித்துவிடும். 100 மெயிலைத் தாண்டினாலும் பிரிக்கும். பையர்கள் பழைய மெயிலுக்குப் பதில் போடாமல் புதிதாக எழுதும் பழக்கம் உள்ளவர்கள். அதனால் ஒரு விஷயம் திறந்திருக்கிறது என்று தோன்றினால், அதன் பி.ஓ. எனும் ஆர்டர் எண்ணையோ ஸ்டைல் எண்ணையோ லேபிள் போடாமல் மொத்தப் பெட்டியிலும் தேடுங்கள். இது அரை நிமிட வேலை. தேவையில்லாத பதில்களில் பெரும்பகுதி இந்த அரை நிமிடத்தில் நின்றுவிடும்.

என் தங்கையின் பெட்டியில் ஜெர்மன் பையரிடமிருந்து ஏப்ரல் 29 தேதியிட்ட ஒரு கேள்வி திறந்தே கிடந்தது. ஒரு ஸ்டைலின் லைனிங் தோலுக்கு குரோமியம் 6 என்ற நச்சுப் பொருளுக்கான சோதனை அறிக்கை எங்கே என்று கேட்டிருந்தார். ஐரோப்பாவில் உடலில் படும் தோல் பொருளில் இது ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் விற்கவே முடியாது, அதனால் அறிக்கை இல்லாமல் அவர்கள் கப்பலேற்ற விட மாட்டார்கள். உரையாடலில் யாரும் பதில் சொல்லவில்லை. பார்த்தால் பதறத்தான் தோன்றும். ஸ்டைல் எண்ணைத் தேடியதில், மே 2 அன்று சோதனைக் கூடமே பையருக்கு நேராக அறிக்கையை அனுப்பியிருந்தது, மே 5 அன்று பையர் வேறு தலைப்பில் "சரி" என்று எழுதியிருந்தார். மூடியது. நட்சத்திரத்தை எடுத்துவிட்டாள்.

இத்தாலிக்காரரின் சோல் கலர் கேள்வி உண்மையிலேயே திறந்திருந்தது. அதில் கடைசி வரி நம் பையன் எழுதியது, ஆனால் "12ஆம் தேதி சொல்வார்" என்ற வாக்கு.

படி 4: சிசி-யில் ஒளிந்திருப்பவை

இது பலர் விட்டுவிடும் இடம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நமக்கு நேராக வந்த மெயில்களை இப்படி எடுக்கலாம்:

```
label:leave25 to:me -cc:me
```

இவற்றை மேலே சொன்ன மாதிரியே கடைசி மெயிலிலிருந்து பார்த்து முடித்துவிடலாம். அதன் பிறகு சிசி-யில் வந்த பெருங்கூட்டம் இருக்கும். "தகவலுக்காகத்தானே, தேவையில்லை" என்று மொத்தமாகத் தள்ளிவிட ஆசையாக இருக்கும். தள்ளலாம், ஒரு தேடலுக்குப் பிறகு.

வேறொருவருக்கு எழுதிய மெயிலின் நடுவில் நம் பெயரைப் போட்டு வேலை ஒப்படைப்பது அலுவலகங்களில் சாதாரணம். வெறும் பெயரைத் தேடினால் பயனில்லை, பெறுநர் வரியில் உள்ள பெயரும் பொருந்திவிடும், எல்லா மெயிலும் வந்து நிற்கும். பெயரோடு அடுத்த சொல்லையும் சேர்த்து மேற்கோளுக்குள் தேட வேண்டும்:

```
label:leave25 ("yourname will" OR "yourname to" OR "yourname please" OR "once yourname")
```

`yourname` இருக்கும் இடத்தில் அலுவலகத்தில் உங்களை அழைக்கும் பெயரைப் போடுங்கள். சுருக்கப் பெயர் இருந்தால் அதற்கும் ஒருமுறை. ஜிமெயில் தேடல் காற்புள்ளியைக் கண்டுகொள்வதில்லை, அதனால் பெயருக்குப் பின் காற்புள்ளி போட்டு எழுதியதும் கிடைக்கும். கேள்விக்குறியையும் இதே காரணத்தால் தேட முடியாது. கேள்வி உள்ள மெயில்களைப் பிடிக்க `"gentle reminder"`, `awaiting`, `pending`, `"please confirm"` இவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். நினைவூட்டல் மெயில் என்றால், ஏற்கெனவே ஒருமுறை கேட்டுப் பதில் வராத விஷயம் என்று பொருள். அது சிசி-யில் இருந்தாலும் திறக்க வேண்டும்.

என் தங்கைக்கு அன்றைக்கு மிக அவசரமான விஷயம் இந்தத் தேடலில்தான் அகப்பட்டது. ஏப்ரல் 29 அன்று பையரின் இன்ஸ்பெக்‌ஷன் ஏஜென்ட் அக்கவுண்ட்ஸுக்கு எழுதியிருந்தார், சிசி-யில் இவள். பேக்கிங் லிஸ்டில் உள்ள அட்டைப்பெட்டி எண்ணிக்கை தன் குறிப்போடு ஒத்துப்போகவில்லை, இவள் உறுதி செய்தால் இன்ஸ்பெக்‌ஷன் சான்றிதழில் கையெழுத்திடுவேன் என்று நடுவில் ஒரு வரி. அக்கவுண்ட்ஸ் அது இவளுடைய வேலை என்று விட்டுவிட்டார்கள். இவளுடைய இடத்தில் இருந்த பையனுக்கு மெயிலே வரவில்லை.

அந்தச் சான்றிதழ் எல்.சி.யில் கேட்கப்பட்ட ஆவணம். சரக்கு ஏப்ரல் 25 அன்று கப்பலேறியிருந்தது. எல்.சி.யில் வேறு கெடு சொல்லப்படாவிட்டால், யு.சி.பி. 600 என்ற சர்வதேச எல்.சி. விதிப்படி கப்பலேறிய நாளிலிருந்து 21 நாளுக்குள், அதுவும் எல்.சி. காலாவதியாவதற்குள், ஆவணங்களை வங்கியில் கொடுக்க வேண்டும். அதாவது மே 16 வெள்ளிக்கிழமை கடைசி நாள். தவறினால் வங்கி அதைக் குறைபாடு என்று சொல்லும், பணம் பையரின் சம்மதத்துக்காக நிற்கும். கையில் இருந்தது நான்கு நாள். தேதி வரிசையில் படித்துக்கொண்டு போயிருந்தால், "தகவலுக்காக" என்று இதைத் தாண்டியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

படி 5: வராத பதிலைத் தேடுவது

வந்த மெயிலைப் பார்த்தால் மட்டும் போதாது. கிளம்பும் முன் நாம் கேட்ட கேள்விகளுக்குப் பதில் வந்ததா என்றும் பார்க்க வேண்டும்:

```
from:me after:2025/4/20 before:2025/4/28
```

விடுப்புக்கு முந்தைய வாரம் நாம் அனுப்பியவை இதில் வரும். உரையாடலில் கடைசி மெயில் இன்னும் நம்முடையதாகவே இருந்தால், எதிர்முனை மறந்துவிட்டது. என் தங்கை பேர்ணாம்பட்டு சப்ளையரிடம் தோல் வரும் தேதி கேட்டிருந்தாள், பதிலே இல்லை. இதற்கு மெயில் எழுதாமல் போன் போட்டாள்.

படி 6: பதில் எழுதும் வரிசை

நட்சத்திரம் போட்டவற்றை மட்டும் இப்போது திறங்கள்: `label:leave25 is:starred`. என் தங்கைக்கு ஒரு திரையில் அடங்கிவிட்டது.

கெடு உள்ளவை முதலில். முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்பது பொருட்டல்ல. ஏஜென்டுக்கு முதல் பதில் போனது. குடோனில் அந்தச் சரக்கின் பெட்டிக் கணக்கைப் பதிவேட்டில் சரிபார்க்கச் சொல்லி, சரியான பேக்கிங் லிஸ்டை இணைத்து, சான்றிதழ் எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று எழுதினாள். அடுத்தது, நாம் திரும்பும் தேதி சொல்லப்பட்டவர்கள், இங்கே இத்தாலிக்காரர். அவர் அன்றைக்கே எதிர்பார்ப்பார். மற்றவை பிறகு.

ஐரோப்பா பையர்கள் விஷயத்தில் நேரமும் நமக்குச் சாதகம். கோடையில் ஜெர்மனியும் இத்தாலியும் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே காலை 9 மணி என்றால் இங்கே மதியம் 12.30. அதற்குள் பிரித்து முடித்து பதிலும் அனுப்பிவிட்டால், அவர்கள் அலுவலகத்தில் உட்காரும்போது நம் பதில் மேலே இருக்கும். ஆக, காலை நேரம் முழுவதையும் பிரிப்பதற்கு ஒதுக்கலாம், பதறவேண்டியதில்லை.

எழுதும்போது தாமதத்துக்கு ஒரே ஒரு வரி போதும். இரண்டு வாரக் கதை வேண்டாம், தானியங்கிப் பதில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. விஷயம் மூடியதா திறந்ததா என்று தேடிப் பார்த்தும் தெரியவில்லை என்றால், நாமே விடையை ஊகித்து எழுதக் கூடாது. "இது இன்னும் தேவையா, அல்லது முடிந்துவிட்டதா?" என்று கேட்டு, தேவையென்றால் எப்போது தருவோம் என்ற தேதியையும் சேர்த்து எழுதுங்கள். சிசி-யில் இருந்தவர்களையும் விட்டுவிடாதீர்கள், இல்லாவிட்டால் நமக்குப் பதிலாக வேலை பார்த்தவர் அதே விஷயத்துக்கு மறுபடி பதில் எழுதிக்கொண்டிருப்பார்.

மிச்சத்தை என்ன செய்வது

நட்சத்திரம் இல்லாதவை இன்னும் சில நூறு இருக்கும். `label:leave25 -is:starred` என்று தேடி, எல்லாவற்றையும் படித்தவையாகக் குறித்து ஆர்க்கைவ் செய்யுங்கள். பல மெயில் உள்ள உரையாடலில் ஒன்றுக்கு மட்டும் நட்சத்திரம் இருந்தால் அதுவும் இதில் வரலாம், ஆர்க்கைவ் ஆனாலும் நட்சத்திரம் போகாது. லேபிளை மட்டும் இரண்டு வாரம் எடுக்காதீர்கள். யாராவது "அன்றைக்கு எழுதினேனே" என்று கேட்டால் அந்த லேபிளுக்குள் மட்டும் தேடினால் போதும், சில நொடியில் கிடைக்கும். ஆர்க்கைவ் செய்த உரையாடலுக்குப் புதிய பதில் வந்தால் அது தானாக இன்பாக்ஸுக்குத் திரும்பும், அதனால் தொலைந்துவிடும் என்ற பயம் வேண்டாம்.

அவுட்லுக்கில் வேலை பார்ப்பவர்களுக்குக் கட்டளைகள் வேறு, வரிசை இதே. முதலில் உரையாடலாகக் காட்டும் பார்வையை, அதாவது "Show as Conversations" என்பதை, இயக்குங்கள். பழைய டெஸ்க்டாப் அவுட்லுக்கில் "Clean Up Conversation" என்று ஒன்று உண்டு. பின்னால் வந்த மெயிலுக்குள் முழுதாக அடங்கியிருக்கும் பழைய மெயில்களை அது தானே நீக்கிவிடும், படிக்கவேண்டியது நன்றாகக் குறையும்.

எல்லாம் முடிந்ததும் தானியங்கிப் பதிலை அணையுங்கள். ஜிமெயில் ஒரே ஆளுக்கு நான்கு நாளுக்கு ஒருமுறைதான் அதை அனுப்பும் என்றாலும், நம்மிடமிருந்து காலையில் நேரடிப் பதில் வாங்கிய பையர் மாலையில் மறுபடி எழுதும்போது "பழைய மெயில்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று போய்விட்டால் நன்றாக இருக்காது.